ஜனவரியில் மணாலி வழியாகக் காசா: பணம் கட்டாதீர்கள்

"சுரங்கப்பாதை வந்த பிறகு அந்தப் பாதை வருடம் முழுவதும் திறந்திருக்கிறது சார்." சென்னையிலுள்ள ஒரு பயண முகவர் இப்படிச் சொன்னதை நம்பி, நானும் என் தம்பியும் ஆளுக்கு 14,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். மணாலியிலிருந்து ஒரே நாளில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள காசா ஊர், வழியில் சந்திரதால் ஏரி, திரும்புவது சிம்லா வழியாக என்பது திட்டம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, ஏமாந்ததும் அதனால்தான். 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயைத் தவிர்த்து நம்மை லாஹௌல் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடும். ஆனால் அங்கிருந்து காசாவுக்குப் போக, 4,500 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். அதற்குச் சுரங்கம் கிடையாது. குளிர்காலம் முழுவதும் அது பனியில் மூடிக் கிடக்கும். கணவாய்க்குச் சற்று முன்பே சந்திரதாலுக்குப் பிரியும் பாதையும் அப்படித்தான். இதையெல்லாம் மணாலியில் வண்டி ஓட்டுநர்தான் சொன்னார், எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு.

முகவரைக் கூப்பிட்டேன். "இயற்கைச் சீற்றம், பணம் திரும்பாது" என்றார். ஆண்டுதோறும் அடைபடுகிற கணவாயில் என்ன சீற்றம்?

திட்டத்தை நிதானமாகப் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மணாலி–காசா தூரம் சுமார் 200 கிலோமீட்டர்தான் என்றாலும் கோடையிலேயே பகல் முழுவதையும் தின்றுவிடும். ஜனவரியில் பகலே பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பள்ளத்தாக்கில் சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். பகலில் சாலையின் குறுக்கே ஓடிய நீர் அதன்பின் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாக உறைந்து, காலையில் வெயில் படும்வரை அப்படியே கிடக்கும். குளிர்காலத்தில் காசாவுக்குப் போகிறவர்கள் சிம்லா, ரெக்காங் பியோ, நாகோ வழியாக இரண்டு மூன்று நாள் எடுத்துத்தான் போகிறார்கள். அங்கும் பனி விழுந்தால் நின்றுவிட வேண்டும். கையில் ஓரிரு நாள் உபரியாக இருக்க வேண்டும்.

"உடை எங்கள் பொறுப்பு" என்றவர்கள் கொடுத்தது கனமான ஒற்றை ஜாக்கெட். உள்ளே நான் போட்டிருந்தது பருத்திப் பனியன். லாஹௌலின் சிஸ்ஸுவில் பனியில் கால் மணி நேரம் ஏறியதும் வியர்த்தது. நின்றதும் ஈரப் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடுக்கம் தொடங்கியது. உடலோடு ஒட்டி வியர்வையை வெளியேற்றும் கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற கதகதப்பான சட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலாடை என்றிருந்தால், ஏறும்போது ஒன்றைக் கழற்றி நின்றதும் போட்டிருப்பேன். தம்பி இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறை திணித்தான். இரத்த ஓட்டம் தடைபட்டு அவன் விரல்கள்தான் முதலில் மரத்தன.

முன்பணம் கட்டுமுன் காசாவில் ஏதாவதொரு தங்கும் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, "குன்சும் திறந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். நான் ஊர் திரும்பிய பிறகு கேட்டேன். சிரித்துவிட்டார்கள்.

முகவர் இதுவரை ஆளுக்கு 3,000 ரூபாய் திருப்பித் தந்திருக்கிறார். பிப்ரவரிப் பயணத்துக்கு அவர் விளம்பரம் இன்னும் ஓடுகிறது, நீல நிறத்தில் அலையடிக்கும் சந்திரதாலின் கோடைக்காலப் படத்தோடு.