மாடு மேய்ந்தன: ஒண்டரை வருஷமா எங்கட வீட்டில கிடக்கிற பிழை பிடிக்கிற புத்தகம்

மேல் மாடி அக்கா நேற்று லிஃப்டுக்குள்ள வச்சுக் கேட்டவ, "தம்பி, உங்கட மகள் செய்யிற அந்தத் தமிழ்ப் பயிற்சிப் புத்தகம் எப்பிடி, எங்கட பெடியனுக்கும் ஒண்டு வாங்கவோ" எண்டு. நான் வாயத் திறக்க முதல் லிஃப்ட் நிண்டுட்டு. அதான் இங்க எழுதுறன்.

புத்தகம் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில காலி வீதிப் பக்கம் எந்தப் புத்தகக்கடைக்குப் போனாலும் இதப்போல நாலஞ்சு தொங்கும். "பிழையான வாக்கியத்தைத் தெரிவு செய்க" எண்டு போட்டு நாலு வசனம், கடைசியில விடைப் பக்கம். மகள் சாதாரண தரத்துக்குப் படிக்கிறா, நான் வேலையால வந்து பக்கத்தில இருந்து திருத்துறன், ஒண்டரை வருஷமா இதுதான் எங்கட இரவுச் சோலி.

முதல் நல்லதச் சொல்லுறன். இத எழுதினவர் ஆரோ, எங்கட வீட்டுக் கதையக் காது குடுத்துக் கேட்டவர். ஒரு கேள்வியில "மாணவர்கள் அதிபரில் மிகுந்த மதிப்பு வைத்திருந்தனர்" எண்டு கிடந்தது. மகள் அதச் சரியெண்டு விட்டுட்டு வேறொண்டுக்கு வட்டம் போட்டுட்டா. ஏனெண்டா நாங்க வீட்டில "அவரில நல்ல மரியாதை", "உன்னில பிழையில்ல" எண்டுதானே கதைக்கிறம். எழுத்தில ஆக்களுக்கு இல் வராது, இடம் வரும், அதிபரிடம் மதிப்பு. பெட்டியில், மேசையில் எண்டு பொருளுக்கும் இடத்துக்கும்தான் இல். இப்பிடி நாக்குக்குப் பழகின பிழையா வச்சா கண்ணுக்குத் தெரியவே தெரியாது, வாசிச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் கேக்கும்.

அதுக்குப் பிறகுதான் நாங்க முன்னுக்கிருந்து வாசிக்கிறத விட்டனாங்க. முதல் கடைசி வினைச்சொல்லுக்குப் போறது, ஆர் அல்லது எது செய்தது எண்டு கேக்கிறது, பிறகு அந்த எழுவாய மட்டும் தூக்கி வினைக்குப் பக்கத்தில வச்சுப் பாக்கிறது. "மழை விட்டதும் குளக்கரையில் நின்ற கொக்குகளுள் ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு பறந்தன." இத ஓட்டமா வாசிச்சா கொக்குகள் எண்டதில கண் மாட்டிக்கொள்ளும், பறந்தன சரியாத்தான் படும். பின்னாலயிருந்து வந்தா, எது பறந்தது? ஒன்று. ஒன்று பறந்தன எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். "பராக்கிரம சமுத்திரம் முதலாம் பராக்கிரமபாகுவால் கட்டினார்" எண்டதும் அப்பிடித்தான், ஆல் வந்தா கட்டப்பட்டது எண்டு வரவேணும், கட்டினார் எண்டு முடிக்கிறதெண்டா ஆல எடுத்துப்போட்டு சமுத்திரத்துக்கு ஐ போடவேணும்.

இப்ப எரிச்சலுக்கு வாறன். விடைப் பக்கத்தில இலக்கம் மட்டும்தான் இருக்கு. ஏன் பிழை, எது சரி, ஒரு சொல் கிடையாது. கேள்வி 27 இதுதான்:

1. வயலில் மாடு மேய்ந்தன.
2. மழையினால் ஆட்டம் நிறுத்தப்பட்டது.
3. துருப்பிடித்த மாமாவின் சைக்கிளை விற்றோம்.
4. அண்ணன் தம்பியிடம் சாவியைக் கொடுத்தான்.

மகள் 3 எண்டா. விடை 1 எண்டு கிடந்தது. நானும் வேலைக் களைப்பில, மாடு ஒருமை, மேய்ந்தன பன்மை, இது கூடத் தெரியேல்லையோ எண்டு நல்லா ஏசிப்போட்டன். அவ அழாக்குறையா, "அப்பா, அப்ப மாமாதான் துருப்பிடிச்சவரோ?" எண்டு கேட்டா. எனக்குச் சிரிப்பும் வந்தது, மறுமொழியும் இல்ல.

மகள் 3இல பிடிச்சது சொல்லொழுங்குப் பிழை. சொல்லொழுங்கு எண்டா மாணவர் நினைக்கிறது எழுவாய், செயப்படுபொருள் இடம் மாறுறது. தமிழில அது பெருசா ஒண்டும் செய்யாது. அக்காவுக்கு மாமா நேற்றுச் சேலை குடுத்தார், நேற்று மாமா அக்காவுக்குச் சேலை குடுத்தார், எப்பிடிப் போட்டாலும் குடுத்தது மாமாதான், வாங்கினது அக்காதான், உருபு பிடிச்சு வச்சிருக்கு. ஆனா துருப்பிடித்த, சுத்தமான மாதிரி அடைமொழிக்கு உருபு இல்ல, தனக்கு அடுத்தாப்போல வாற பேரத்தான் பிடிக்கும். அதால மாமாவின் துருப்பிடித்த சைக்கிள் எண்டு நகர்த்தத்தான் வேணும். சொல்லொழுங்குக் கேள்வியில முக்கால்வாசி இதுதான், அடைமொழிக்குப் பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டு பாத்தாக் காணும். இதிலயும் எல்லை இருக்கு. "புதிய அதிபரின் அறை" எண்டா அதிபரும் புதுசா இருக்கலாம், அறையும் புதுசா இருக்கலாம், அதப் பிழையெண்டு வைக்கிறது அநியாயம். மாமா துருப்பிடிக்க ஏலாது, அதால 3 சந்தேகமில்லாத பிழை.

அப்ப 27இல ரெண்டு பிழையோ? நானும் அப்பிடித்தான் நினைச்சு ரெண்டு கிழமை திரிஞ்சன். பெரியப்பா தெஹிவளையில இருக்கிறார், இளைப்பாறின தமிழ் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தக் கொண்டு போய்க் காட்டினன். கண்ணாடியப் போட்டுப் பாத்திட்டு, "மாடு எண்டது ஒண்டெண்டு உனக்கு ஆரடா சொன்னது?" எண்டார். கள் சேராத அஃறிணைப் பேர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. நன்னூல் அதத்தான் பால்பகா அஃறிணைப் பெயர் எண்டு சொல்லுது. மாடு மேய்ந்தது எண்டா ஒரு மாடு, மாடு மேய்ந்தன எண்டா பல மாடு, வினைதான் எண்ணிக்கையச் சொல்லும். பத்துத் தேங்காய் விழுந்தன எண்டு எழுதிறமே, அங்க தேங்காய்கள் எண்டு போடாட்டி என்ன குறைஞ்சது. கள் போட்டுட்டா மட்டும்தான் தப்பேலாது, மாடுகள் மேய்ந்தது எண்டா அது பிழை. நாலாவதையும் கேட்டன். தம்பிக்குக் கொடுத்தான் எண்டா தம்பிக்கே சொந்தமாப் போகலாம், தம்பியிடம் கொடுத்தான் எண்டா கையில ஒப்படைச்சது, ரெண்டும் சரி எண்டார்.

ஆக ஒரே விடை 3. மகள் சரி, புத்தகம் பிழை, நான் புத்தகத்த விடப் பிழை. அச்சடிச்சவை "மாடுகள் மேய்ந்தது" எண்டு வைக்க வெளிக்கிட்டுக் கைமாறிப் போட்டினமோ, உண்மையாவே தெரியாதோ, ஒரு வரி விளக்கம் இருந்திருந்தா அண்டைக்கே பிடிச்சிருப்பன். காசு குடுத்து வாங்கினது பிழை பிடிக்கப் பழகத்தான், பழகிட்டம், அது வேற கதை, புத்தகத்திலயே பிடிச்சிட்டம்.

மகளிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு ஃபலூடாவும் வாங்கிக் குடுத்தன். இப்ப அவ விடைப் பக்கத்தப் பாக்கிறதே இல்ல, ஏன் பிழையெண்டு பக்கத்தில பென்சிலால எழுதிப்போட்டு, எழுத ஏலாததப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில அனுப்புறா.

அக்கா, வாங்காதேங்கோ. காசுக்கு நட்டம். எங்கடயத் தாறன், பென்சில் எழுத்த அழிக்காம வச்சுக்கொள்ளுங்கோ, விடைப் பக்கம் மட்டும் இருக்காது, அத நான் கிழிச்சுப்போட்டன். புதுப் பதிப்பு வந்திருக்காம், நாளைக்குப் போய் வாங்கப்போறன், 27இல மாடு என்ன செய்யுதெண்டு பாக்கவேணும்.