கீசர் வால்வு சொட்டுவதை நிறுத்தித் தருகிறேன் என்று வந்தவர் செய்த வேலை

எங்கள் குளியலறையில் இருப்பது 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர், 3 கிலோவாட். ஒரு நாள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் மாட்டியிருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வின் மூக்கிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் சொட்டு, அப்புறம் நூல் மாதிரி. பயந்துபோய் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இது போச்சு சார்" என்றார். புது வால்வு மாட்டினார், பழையதை "ஸ்கிராப்தானே" என்று பையில் போட்டுக்கொண்டார். மறுநாளும் அதே நூல். திரும்ப வந்தவர், மேல்தொட்டியிலிருந்து பிரஷர் அதிகமாக வருகிறது என்று சொல்லி, வால்வின் மூக்கில் ஒரு டம்மி பிளக்கை முறுக்கி அடைத்துவிட்டுப் போனார். இரண்டு முறையும் காசு வாங்கினார். சொட்டு நின்றது. எனக்கும் நிம்மதி, அதுதான் வெட்கக்கேடு.

அடுத்த சில நாட்களில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் படாரென்று சீறிக்கொண்டு வர ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் கீசரின் அடிமூடி ஓரத்தில் ஈரம். வேறொரு வேலைக்கு வந்த வயதான பிளம்பர் அதைப் பார்த்ததும் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்தார். "யார் தம்பி இதை அடைச்சது?" என்று கேட்டார். உள்தொட்டியின் வெல்டிங் விட்டிருந்தது. கீசரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அவர் சொன்னதை வைத்துப் பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 1.7 சதவீதம் விரியும். 3 லிட்டருக்கு அது சுமார் 50 மில்லி. குழாய் மூடியிருக்கிறது. உள்ளே வரும் பக்கத்தில் ஒருவழி வால்வு இருப்பதால் தண்ணீர் பின்னாலும் போக முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி ரிலீஃப் வால்வுதான். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 50 மில்லி ஆயிரம் சொட்டு. 3 கிலோவாட்டில் 3 லிட்டர் சூடாக மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் ஆயிரம் சொட்டும் வந்தால் நூலாகத்தான் தெரியும். அதாவது என் பழைய வால்வு தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது.

மெக்கானிக் சொன்ன பிரஷர் கதையும் நிற்காது. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது ஏறத்தாழ 1 பார். எங்கள் தொட்டி கீசருக்கு மேலே 6 மீட்டர்கூட இல்லை. கீசர் தாங்கும் அழுத்தம் என்று அதன் லேபிளில் இருந்ததோ 6.5 பார்.

உங்கள் வீட்டில் சொட்டினால் முதலில் ஒரு டம்ளரை வால்வுக்குக் கீழே வையுங்கள். கீசரைப் போடாமல், தண்ணீர் ஆறிய பிறகு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் டம்ளர் காய்ந்திருந்து, சூடாகும்போது மட்டும் சொட்டி, கட்-ஆஃப் ஆனதும் நின்றால் அது இயல்பு. யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஆறிய கீசரிலேயே சொட்டிக்கொண்டிருந்தால்தான் பழுது. பெரும்பாலும் உப்போ மணலோ வால்வின் இருக்கையில் சிக்கியிருக்கும். லீவர் உள்ள வால்வு என்றால், மின்சாரத்தை அணைத்து, ஆறிய பிறகு, சில நொடி தூக்கிப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வால்வை மாற்றத்தான் வேண்டும். பிரஷர் பம்ப் ஓடும்போது மட்டும் சொட்டினால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். பம்பின் அழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, வால்விலிருந்து ஆவியோ கொதிக்கும் தண்ணீரோ வந்தால் தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தவில்லை என்று அர்த்தம். உடனே மெயினை அணையுங்கள், சரிபார்க்கும்வரை போடாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் தெர்மல் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் கைவிட்டால் தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த வால்வின் திறந்த மூக்குதான். என் வீட்டில் அதைத்தான் அந்த ஆள் பிளக் போட்டு அடைத்துவிட்டுப் போயிருந்தார்.

புது கீசரின் வால்வும் சூடாகும்போது சொட்டுகிறது. அதன் மூக்கில் ஒரு சின்ன டியூப் மாட்டி, நுனியை மூடாமல், கீழ்நோக்கித் தரைச் சல்லடைக்கு விட்டிருக்கிறேன். பழைய பாகத்தை இனி யாருக்கும் எடுத்துப் போக விடுவதில்லை.