தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில், ஓன் டேமேஜ் இன்னொரு கம்பெனியில்: காரோடு சில வருட அனுபவம்

2022 செப்டம்பரில் கார் எடுத்தேன். 1200 சிசி பெட்ரோல் வண்டி, ஷோரூம் விலை 8 லட்சத்தை ஒட்டி. டீலர் கையில் கொடுத்த இன்சூரன்ஸ் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருந்தன. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் 2023 செப்டம்பர் வரை, நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் காயம், நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி 2025 செப்டம்பர் வரை. 2018 செப்டம்பருக்குப் பிறகு புது கார் வாங்கிய பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான், ஏனென்றால் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி புது காருக்கு 3 வருடம், புது டூவீலருக்கு 5 வருடம் தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும். இதில் பலர் பெரிய தேதியை மட்டும் பார்த்துவிட்டு "2025 வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முதல் வருடம் முடிந்ததும் சொந்த வண்டிக்கான பாதுகாப்பு போய்விடும், ஆனால் போலீஸ் நிறுத்தினால் அபராதம் வராது, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. வண்டி எங்காவது அடிபட்ட பிறகுதான் தெரியவரும். முக்கியமாக ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ஒருமுறை தாளை எடுத்துப் பாருங்கள்.

2023-ல் முதல் கம்பெனியிலிருந்து புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நம் வண்டிக்கு ஒன்று முதல் இரண்டு வயது என்றால் 20 சதவீதம் கழித்து ஐடிவி போடுவார்கள், அதாவது வண்டி முழுதாகப் போனால் நமக்குக் கிடைக்கும் தொகை. எனக்கு 6,40,000 வந்தது. ஓன் டேமேஜ் பிரீமியத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைக்கலாம். ஆனாலும் பழைய டாரிஃப் விகிதத்தை அடிப்படையாக வைத்து அதிலிருந்து தள்ளுபடி காட்டுவதுதான் இன்னும் வழக்கம். சென்னை ஏ மண்டலம், 1000-லிருந்து 1500 சிசி, 5 வயதுக்குள் என்றால் அந்த விகிதம் 3.283 சதவீதம். என் வண்டிக்கு 21,011 ரூபாய். முதல் கம்பெனி அதில் 40 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, கிளெய்ம் இல்லாத வருடத்துக்குக் கிடைக்கும் கழிவான என்சிபி 20 சதவீதத்தையும் கழித்து, 10,085 சொன்னது. அதே ஐடிவிக்கு இன்னொரு கம்பெனி 65 சதவீதம் தள்ளுபடி கொடுத்து, என்சிபி கழித்து 5,883-க்கு வந்தது. ஜிஎஸ்டியோடு பார்த்தால் கிட்டத்தட்ட 5,000 ரூபாய் வித்தியாசம். இங்கே "அதே ஐடிவிக்கு" என்பதுதான் முக்கியம். சில கொட்டேஷனில் ஐடிவியைச் சத்தமில்லாமல் 5,50,000-க்கு இறக்கிவிட்டு விலை குறைவு என்பார்கள், அதை ஒப்பிடவே கூடாது.

டீலர் பக்கத்திலிருந்து வழக்கமான பயமுறுத்தல் வந்தது. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்." கேஷ்லெஸ் கிடைப்பது அந்த ஒர்க்ஷாப்புக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்தது இல்லை. நான் வண்டி விடும் ஒர்க்ஷாப்பின் பாடி ஷாப் அட்வைசரிடமே போய், எந்தக் கம்பெனி பில்லைச் சீக்கிரம் பாஸ் பண்ணுகிறது, எது இழுத்தடிக்கிறது என்று கேட்டேன். அவருக்கு அது தினசரி தலைவலி, மறைக்காமல் சொன்னார். எந்த வெப்சைட் ரேட்டிங்கையும்விட அது பயன்பட்டது.

அப்புறம் வாங்கும்போது ஒரு சிக்கல். பல தளங்களிலும் ஏஜென்ட்களிடமும் வண்டி நம்பரைக் கொடுத்தால் முதலில் வருவது காம்ப்ரிஹென்சிவ் கொட்டேஷன்தான். அதில் தேர்ட் பார்ட்டியும் மறுபடி சேர்ந்திருக்கும். நம் வண்டிக்கு ஒரு வருடத்துக்கு 3,416, ஜிஎஸ்டியோடு 4,031 ரூபாய். ஏற்கெனவே 3 வருடத்துக்கு 10,640-ம் ஜிஎஸ்டியும் கட்டியிருக்கிறோம், அதே காலத்துக்கு இன்னொரு முறை கட்டுவது தண்டம். ஸ்டாண்ட்அலோன் ஓன் டேமேஜ் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்கும் இடத்தில் பழைய தேர்ட் பார்ட்டி பாலிசியின் நம்பர், கம்பெனி பெயர், முடிவுத் தேதி மூன்றையும் கொடுக்க வேண்டும். வந்த தாளில் இரண்டு இடங்களைப் பாருங்கள். லயபிலிட்டி பிரீமியத்தில் தேர்ட் பார்ட்டிக்கான தொகை இருக்கக் கூடாது, அந்த மூன்று விவரங்களும் சரியாக அச்சாகியிருக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி உயிரோடு இருந்தால்தான் தனி ஓன் டேமேஜுக்கு அர்த்தம், அதனால் கிளெய்ம் நேரத்தில் சர்வேயர் அதைத்தான் முதலில் கேட்பார். 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் பழைய பாலிசியில் ஒரு வருடத்துக்கா, 3 வருடத்துக்கா என்பதையும் பாருங்கள். ஒரு வருடம்தான் என்றால் பிரித்து எடுக்கும்போது அது நடுவில் நழுவிவிடும்.

மிச்சமான பணத்தில் இஞ்சின் சேதத்துக்கான இஞ்சின் ப்ரொடெக்டும், மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்பும் ஆட் ஆனாகச் சேர்த்தேன். பள்ளிக்கரணையில் இருப்பவனுக்கு இது ஆடம்பரம் இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார் வரிசை கட்டும் ஊர் இது. டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் நின்ற வண்டிக்குள் சீட் வரை தண்ணீர். எங்கள் பிளாக்கில் இரண்டு பேருக்கு ஒரே நிலைமை, ஆனால் முடிவு வேறு வேறு. வெள்ளம் என்பது சாதாரண ஓன் டேமேஜிலேயே அடங்கும் ஆபத்துதான். சீட், கார்பெட், வயரிங் எல்லாம் அதில் வரும். இஞ்சின் விஷயம் தனி. காற்று போகும் வழியில் தண்ணீர் நுழைந்திருக்கும்போது சாவி திருகினால், சிலிண்டருக்குள் தண்ணீர் நசுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று கம்பெனி சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். இஞ்சின் ஆட் ஆன் அவரிடம் இல்லை, இஞ்சின் வேலைக்கான பில் முழுதும் அவர் தலையில். நான் ஸ்டார்ட் பண்ணாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து, ஃப்ளாட்பெட் வண்டி கிடைக்கும் வரை காத்திருந்தேன். ஒர்க்ஷாப் முழுக்க வெள்ள வண்டிகள், வேலை முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும், பாலிசியில் வராத சில்லறைச் சாமான்களும்தான் என் கையிலிருந்து போனது.

இந்தக் கிளெய்மில் தேர்ட் பார்ட்டி கம்பெனிக்கு வேலையே இல்லை. அடுத்த வருடம் என்சிபி பூஜ்யமாகிவிட்டது, அது ஓன் டேமேஜ் பாலிசியோடு மட்டும் போகும் கணக்கு. வேறு கம்பெனிக்கு மாறினாலும் கூடவே வரும். ஓன் டேமேஜ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மட்டும் போய்விடும்.

பிரித்து வைத்திருப்பதன் கஷ்டத்தை என் மச்சான் பார்த்தார். தொரைப்பாக்கம் அருகே ஓஎம்ஆரில் ஒரு பைக்கோடு மோதல். பைக் ஓட்டியவருக்குக் கால் முறிவு, காரின் முன்பக்கம் காலி. ஒரே விபத்து, இரண்டு கம்பெனி. கார் ரிப்பேருக்கு ஓன் டேமேஜ் கம்பெனி, காயம்பட்டவரின் இழப்பீட்டுக்கு தேர்ட் பார்ட்டி கம்பெனி, அந்த வழக்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகும். ஸ்டேஷனில் அவர் மொபைலில் இருந்த ஓன் டேமேஜ் தாளைக் காட்டினார். அதில் தேர்ட் பார்ட்டி இல்லை என்று இருப்பதைப் பார்த்து இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்று எழுதப் போய்விட்டார்கள். வீட்டிலிருந்து பழைய தாளை அனுப்பச் சொல்லி ஒருவழியாகச் சரி பண்ணினார். அதோடு விடாமல் தேர்ட் பார்ட்டி கம்பெனிக்கும் எழுத்தில் தகவல் கொடுக்க வைத்தேன், ஏனென்றால் ரிப்பேர் கம்பெனிக்குச் சொல்லிவிட்டோமே என்று விட்டுவிடுவது சுலபம், இரண்டு கம்பெனியும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாது. இரண்டு தாளையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை வீட்டில் யார் ஓட்டினாலும் அவர் போனிலும்.

வண்டி விற்கும்போதும் இதே இரட்டை வேலைதான். சிஎன்ஜி போட்டால் இரண்டிலும் திருத்தம் வேண்டும், பெயர் மாற்றத்துக்கும் இரண்டு இடம் ஏற வேண்டும்.

அதனால் என் கணக்கு இப்படி: தேர்ட் பார்ட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது, இன்னும் காலம் பாக்கி இருக்கிறது, ஓன் டேமேஜில் வித்தியாசம் ஆயிரங்களில் இருக்கிறது அல்லது நமக்கு வேண்டிய ஆட் ஆன் பழைய கம்பெனியில் இல்லை என்றால் பிரிக்கலாம். வித்தியாசம் 400, 500 ரூபாய் என்றால் பழைய கம்பெனியிலேயே இருந்துவிடுவேன், மச்சான் பட்ட அலைச்சலுக்கு அந்தப் பணம் போதாது.

2025 செப்டம்பரில் தேர்ட் பார்ட்டி முடிந்தபோது மறுபடி பிரிக்கவில்லை. பழைய வண்டிக்கும் பிரித்து எடுக்கலாம், தடை இல்லை. ஆனால் தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு அறிவிப்பது, எங்கே எடுத்தாலும் அதே 3,416, சட்டப்படி கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்றுதான். "அரசாங்கக் கம்பெனில தேர்ட் பார்ட்டி, தனியார்ல ஓன் டேமேஜ்" என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் லாபம் எதுவும் தெரியவில்லை. வெள்ளக் கிளெய்மை ஒழுங்காக முடித்துக் கொடுத்த கம்பெனியிலேயே இரண்டையும் ஒரே பாலிசியாக, ஒரே தேதியில் போட்டுவிட்டேன்.

ஸ்கூட்டர் கதை கொஞ்சம் வேறு. அதற்கு தேர்ட் பார்ட்டி 5 வருடம். நாலாவது, ஐந்தாவது வருடத்தில் ஐடிவி பாதியை நெருங்கிவிடும். வண்டி ராத்திரி தெருவில் நிற்கிறதென்றால் திருட்டுக்காகவாவது தனி ஓன் டேமேஜ் போடுவேன், பூட்டிய கேட்டுக்குள் நிற்கிறதென்றால் விட்டுவிடுவேன். எங்கள் ஸ்கூட்டர் கேட்டுக்குள்தான் நிற்கிறது, ஆனாலும் பள்ளிக்கரணை என்பதால் இந்த வருடமும் போட்டிருக்கிறேன்.