மெர்ஜ் சார்ட்டா, குவிக் சார்ட்டா?

| | மெர்ஜ் | குவிக் |
|---|---|---|
| சராசரி நேரம் | O(n log n) | O(n log n) |
| மோசமான நேரம் | O(n log n) | O(n²) |
| கூடுதல் இடம் | O(n) | சராசரியாக O(log n) |
| ஸ்டேபிள் | ஆம் | இல்லை |

நேரத்தை மட்டும் படித்துவிட்டுக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். மதிப்பு சமமான உறுப்புகள் தங்களுக்குள் பழைய வரிசையிலேயே இருந்தால் அது ஸ்டேபிள்.

பெயர்வரிசையில் உள்ள பட்டியல்: அருண் 72, கலா 85, மணி 72. இதை மதிப்பெண்படி அடுக்குவோம். மெர்ஜ் சார்ட்டில் இரண்டு பாதிகளை இணைக்கும்போது மதிப்பு சமமானால் இடப்பாதியில் உள்ளதையே முதலில் எடுக்கிறோம். அதனால் அருண், மணி, கலா என்று வரும், பெயர்வரிசை குலையாது.

குவிக் சார்ட்டில் கடைசி உறுப்பான மணியைப் பிவட்டாக, அதாவது மற்றவற்றை ஒப்பிடும் உறுப்பாக எடுத்து, அதைவிடச் சிறியவற்றை மட்டும் இடப்பக்கம் தள்ளுவோம். 72-ஐவிடச் சிறியது எதுவும் இல்லை. எனவே பிவட் முதல் இடத்துக்குப் போக, மணியும் அருணும் இடம் மாறுகிறார்கள்: மணி, கலா, அருண். மிச்சத்தை அடுக்கினால் மணி, அருண், கலா. மதிப்பெண் வரிசை சரி, பெயர்வரிசை போயிற்று.

O(n²) வருவதும் இதே பிவட்டால்தான். ஏற்கெனவே அடுக்கிய பட்டியலில் கடைசி உறுப்பைப் பிவட்டாக எடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உறுப்புதான் கழியும். பிவட்டை ரேண்டமாக எடுத்தால் இது அரிது.

வெறும் எண்கள், நினைவகம் குறைவு என்றால் குவிக். பெயரும் மதிப்பெண்ணும் சேர்ந்த பதிவுகளுக்கு மெர்ஜ். ஜாவாவின் `Arrays.sort` கூட `int` அணிக்குக் குவிக் வகையையும், ஆப்ஜெக்ட்களுக்கு மெர்ஜ் வகையைச் சேர்ந்த டிம்சார்ட்டையும் பயன்படுத்துகிறது.