வேகப் பயிற்சியா, வேகம் மாற்றிப் படிப்பதா? ஒரு பத்திரக் கட்டு சொன்ன பதில்

போன வருடம் ஒரு மனை வாங்கினேன். வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் நாமே ஒரு முறை படித்துவிடுவோம் என்று பத்திரக் கட்டைப் பிரித்தேன். 1987-ம் வருடத் தாய்ப் பத்திரம், அதற்குப் பின் வந்த இரண்டு கிரையப் பத்திரங்கள், முப்பது வருட வில்லங்கச் சான்று. அப்போது வேக வாசிப்புப் பயிற்சி ஒன்றில் ஒரு மாதம் ஓடியிருந்தது. வரிக்கு அடியில் பேனாவை நகர்த்த வேண்டும், மனதுக்குள் உச்சரிக்கக் கூடாது, படித்ததற்குத் திரும்பக் கூடாது. அவ்வளவுதான் அதன் விதிகள்.

முதல் நாள் அப்படித்தான் படித்தேன். முக்கால் மணி நேரத்தில் கட்டு முடிந்தது. எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது.

மறுநாள் காகிதத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றினேன். கிரையப் பத்திரத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். தேதி, எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், சொத்து வந்த வரலாறு, கிரையத் தொகை, உறுதிமொழிகள், கடைசியில் சொத்தின் விவரமும் நான்கு எல்லைகளும் சொல்லும் தபசில். எது எங்கே இருக்கும் என்று தெரிவதால் முதல் பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்தாலே போதும். யாரிடமிருந்து யாருக்கு என்ற சங்கிலி கிடைத்துவிடும்.

வில்லங்கச் சான்றுக்கு அதுகூட வேண்டாம். அது துழாவிப் பார்க்கும் காகிதம். ‘அடமானம்’ என்ற சொல்லை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழாக ஓட்டினேன். ஒன்று கிடைத்தது. கடன் தீர்ந்ததற்கான ‘ரசீது’ பதிவு அதற்கு உண்டா என்று அடுத்துத் தேடினேன். இருந்தது. துழாவுவதில் ஒரு ஆபத்து உண்டு: தேடும் உருவம் தப்பாக இருந்தால் கண் எதிரில் இருப்பதும் தெரியாது. நான் 124/3B என்ற சர்வே எண்ணையே தேடிக்கொண்டிருந்தேன். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பதிவுகள் வெறும் 124/3 என்றிருந்தன. எண் மாறிய கதை தெரிந்த பிறகு முதலிலிருந்து மறுபடி துழாவினேன்.

சேமித்த நேரம் முழுவதையும் தபசிலுக்குக் கொடுத்தேன். மூன்று பத்திரங்களின் தபசிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எல்லையையும் வாய்விட்டுப் படித்தேன். தாய்ப் பத்திரத்தில் வடக்கு எல்லை ‘16 அடி அகலப் பொதுப் பாதை’. கடைசிப் பத்திரத்தில் அதே வடக்கு எல்லை ‘மீதி மனை’. நேரில் போய்ப் பார்த்தால் பாதை இருந்தது. பத்திரத்தில் இல்லை.

இரண்டு முறைகளையும் எனக்குப் பிரித்துக் காட்டியது இந்த இடம்தான். முதல் நாள் இந்த இரண்டு வரிகளும் என் கண்ணில் படாமல் போகவில்லை. இரண்டையும் படித்தேன். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பிழையில்லாத வாக்கியங்கள். ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் நடுவில்தான் பிழை இருந்தது. அது தெரிய வேண்டுமானால் பின்னால் திரும்பிப் போக வேண்டும். என் பயிற்சி முதலில் தடுத்ததே அதைத்தான்.

திரும்பிப் பார்ப்பது கெட்ட பழக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு இடத்தில் ஏறக்குறைய கால் நொடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. நன்றாகப் படிக்கிறவர்களின் தாவல்களிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கித்தான் இருக்கும். புரியாததைச் சரிசெய்துகொள்ளும் வழி அது. 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், படித்த சொற்களைத் திரையில் உடனுக்குடன் மறைத்தார்கள். திரும்பிப் பார்த்தும் பலன் இல்லாதபோது புரிதல் குறைந்தது. ஒவ்வொரு சொல்லாகக் காட்டி மறைக்கும் செயலிகளும் அதே வழியைத்தான் அடைக்கின்றன.

மனதுக்குள் உச்சரிப்பதும் அப்படித்தான். ‘மேற்படி சொத்துக்கு வடபுறம்’ என்று உள்ளே ஒலித்தால்தான் எனக்குத் திசை நிற்கிறது.

பேனா நகர்த்துவதை முழுக்க ஒதுக்கவும் மனமில்லை. தூக்கம் வரும் நேரத்தில் செய்தி படிக்க அது கவனத்தைப் பிடித்துவைத்தது. ஒரு மாதப் பழக்கத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமாகாது. ஆனால் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கை, தமிழ் படிக்கிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘எழுதிக்கொடுத்திருப்பதால்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு நான்கைந்து சொற்கள் வேண்டும்.

இரண்டாம் நாள் வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் அரைப் பக்கத் தபசில்களுக்குத்தான். மனையை எனக்கு விற்றவர், தனக்கு எழுதிக் கொடுத்தவரை அழைத்து வந்து பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்தார். அப்புறம்தான் முன்பணம் கொடுத்தேன்.