ர என்று நினைத்தால் கால்: டெசராக்டில் இரண்டு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, "அப்பா எழுதின பழைய மலர்க் கட்டுரைகளை எல்லாம் டைப் பண்ணணும், நீங்க ஏதோ ஓசிஆர் வச்சிருக்கீங்களாமே, நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் கொஞ்சம் குற்ற உணர்வு, அதனால்தான் இது.

படத்தில் இருக்கிற எழுத்தைப் படித்து உரையாக்கித் தரும் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். இலவசம், இணையம் வேண்டாம், நூறு பக்கம் கொடுத்தாலும் முணுமுணுக்காது. சாம்பல் நிறத்தில் 300 டிபிஐ ஸ்கேன், ஓரத்துக் கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு, பத்தி இரண்டு இருந்தால் தனித்தனிப் படமாக்கி, இப்படி:

```
tesseract pakkam12.png pakkam12 -l tam --psm 6
```

6 என்பது "படம் முழுக்க ஒரே பத்தி" என்று அதற்குச் சொல்வது. பத்தியைப் பிரிக்காமல் இதைக் கொடுத்தால் இடது வரியின் வால் வலது வரியின் தலையோடு ஒட்டிக்கொள்ளும், படிக்கச் சிரிப்பாக இருக்கும், திருத்த அழுகை வரும்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். நான் எடுத்தது 1971இல் ஈயத்தில் அச்சுக்கோத்த ஒரு பள்ளி ஆண்டு மலர். முதல் பக்கம் வந்ததும் அசந்துபோனேன், மை கசிந்த எழுத்தைக்கூடச் சரியாகப் படித்திருந்தது. இரண்டு தடவை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, பிழையே இல்லை என்று சேமித்தேன். மறுநாள் அதே கோப்பில் "அரிசி" என்று தேடினால், இல்லை என்கிறது. கண்ணெதிரே மூன்று இடத்தில் இருக்கிறது! "ஆசிரியர்" தேடினாலும் இல்லை.

அரை நாள் தலையைப் பிய்த்த பிறகு புரிந்தது. கோப்பில் இருந்தது அ, ர, ி இல்லை. அ, துணைக்கால், ி. ர் ரி ரீ மூன்றையும் அச்சில் பாருங்கள், பல அச்செழுத்துகளில் ர-வுக்குக் கீழே இருக்கிற அந்தச் சாய்ந்த கோடு இருக்காது. வெறும் கால்தான், மேலே ஒரு புள்ளியோ கொக்கியோ. ஆக, ஓசிஆர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்லியிருக்கிறது. திரையில் பல எழுத்துருக்களும் இரண்டையும் ஒரே மாதிரி காட்டுவதால், நூறு தடவை மெய்ப்புப் பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. தேடினால்தான் தெரியும்.

நல்லவேளை, தமிழில் காலுக்குப் பின்னால் புள்ளியோ ி, ீ இரண்டில் ஒன்றோ வரவே வராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்:

```
sed -i -E 's/ா(்|ி|ீ)/ர\1/g' malar.txt
```

அதே மாதிரி, அ, இ போன்ற உயிரெழுத்துக்கு அடுத்து கால் நின்றால் அதுவும் ர-தான், "அாசு" என்பது அரசு. ஆனால் உயிர்மெய்க்கு அடுத்து வரும்போது கை கட்டிப்போகிறது. "தரம்" காலோடு "தாம்" ஆகிவிட்டால் இரண்டும் சொல்தான். "கரணம்" "காணம்" ஆகி, குட்டிக்கரணம் போட்ட பையன் கொள்ளாகிவிடுவான். அதைப் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

இதையாவது ஒரு வரியில் தீர்த்தேன். எழுத்துச் சீர்திருத்தம் 1978இல்தான் அரசாணையாக வந்தது, அதற்கு முந்தைய மலரில் லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவம். அவற்றை டெசராக்ட் லே, னே என்று படிக்கிறது. "தலே" என்று வந்தால் பிழை என்று உடனே தெரியும். றா-வுக்கும் பழைய வடிவம் என்பதால் "என்றால்" என்பது "என்ருல்" என்று வந்தாலும் அப்படித்தான். "அவனை அழைத்தான்" என்பது "அவனே அழைத்தான்" என்று வந்தால்? வாக்கியம் கம்பீரமாக நிற்கிறது, பொருள்தான் தலைகீழ். எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை பிழையே இல்லை. இதனால் மலர் முழுக்க னே என்று முடிகிற ஒவ்வொரு சொல்லையும் தேடி, ஸ்கேன் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். இரண்டு ஞாயிறு போனது. வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

நியாயமாகச் சொன்னால் குறை மென்பொருளுடையது அல்ல, பாதி நம் எழுத்தின் குணம், பாதி பழைய அச்சு. 1978க்குப் பின் அச்சான புத்தகத்துக்கு அந்த ஒரு வரிக் கட்டளையோடு தாராளமாகப் பரிந்துரைப்பேன். நண்பரிடம் மட்டும் திரும்பக் கூப்பிட்டு, கட்டுரை எத்தனை பக்கம் என்று கேட்டேன். பதினொன்று, 1965ஆம் வருடத்து அச்சு என்றார்.

கையால அடிச்சிடுங்க சார் என்றேன்.