சக்‌ஷன் மவுண்டா, அரிசிப் பையா: மலைப் பேருந்து ஜன்னலில் போனை நிறுத்துவது

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி போகும் பேருந்தில் ஜன்னல் கண்ணாடியில் ரப்பர் கப்பால் ஒட்டும் மவுண்ட், அரிசிப் பை இரண்டையும் வைத்துப் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். குன்னூர்–ஊட்டி ரயிலிலும் அப்படியே. இப்போது சக்‌ஷன் மவுண்ட் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கிறது. அரைக் கிலோ பச்சரிசி போட்டுக் கட்டிய மஞ்சள் பைதான் கூட வருகிறது.

கண்ணாடியில் ஒட்டி இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். நடந்தது வேறு. கொண்டை ஊசி வளைவில் பேருந்து முதல் கியரில் ஏறும்போது என்ஜின் அதிர்வு தகடு, சட்டம், கண்ணாடி என்று நேராக லென்ஸுக்கே வந்து சேர்ந்துவிட்டது. போன் கேமரா ஒரு காட்சி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை, வரி வரியாக மேலிருந்து கீழே வாசிக்கிறது. அந்த இடைவெளிக்குள் லென்ஸ் நடுங்கினால் படம் ஜெல்லி மாதிரி நெளியும். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். அடிமரம் பாம்பு மாதிரி வளைந்து தெரிந்தால் அது அதிர்வு. நேராகவே இருந்து ஒரு பக்கம் சாய்ந்து மட்டும் தெரிந்தால் அது வண்டியின் வேகம். இரண்டாவதற்கு எந்த மவுண்டும் உதவாது, தூரத்து மலையைப் பார்த்து எடுத்தால் குறையும்.

அரிசிப் பை அதிர்வை விழுங்குகிறது. பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் கல் மாதிரி ஆகி, மறுபடி எல்லாவற்றையும் கடத்தும். தளர்வாக இருக்கும்போது ஜன்னல் விளிம்பில் படிந்து, மேலே அழுத்தும் போனுக்குக் குழி விட்டுக்கொடுக்கும். அரிசி மணிகள் ஒன்றோடொன்று உரசி நடுக்கத்தைத் தின்றுவிடும். மேலே ஒரு கை மட்டும் லேசாக இருந்தால் போதும். பள்ளத்தில் விழும் பெரிய குலுக்கல் அப்படியே வரும்தான், ஆனால் அது பயணம் மாதிரி தெரியும். நெளிவு பழுது மாதிரி தெரியும்.

ஒரு சங்கதி, மவுண்ட் எதுவானாலும் பொருந்தும். பேருந்துக் கண்ணாடி அதன் பள்ளத்தில் தளர்ந்து கடகடவென்று ஆடும். பழைய பயணச்சீட்டு நாலைந்தை மடித்து சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகினேன், பாதிச் சத்தம் அடங்கியது. பின்சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டைத் தவிர்த்து, வண்டியின் நடுப்பகுதியில் உட்காருங்கள்.

பிரதிபலிப்பில் சக்‌ஷன் மவுண்டுக்கு ஒரு வசதி உண்டு: லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோகலாம். ஆனால் முன்னால் வரும் வளைவைப் பார்க்க லென்ஸைச் சாய்த்தால் இடைவெளி விழுந்து, உள்ளே இருக்கும் எல்லாம் படத்தில் வரும். என் வெள்ளைச் சட்டை ஒரு முழுப் பள்ளத்தாக்கையே மறைத்திருக்கிறது. பையோடு எடுக்கும்போது கண்ணாடியிலிருந்து ஒரு விரல் இடம் விட்டு, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடிவிடுகிறேன். லென்ஸ் கண்ணாடியைத் தொட்டால் அதிர்வு திரும்ப வந்துவிடும், அதனால்தான் அந்த விரல் இடைவெளி. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் நேர் எதிரே பார்க்கும்போது அவ்வளவு உதவாது. பேருந்தின் கடினக் கண்ணாடியில் சில நேரம் திட்டுத் திட்டாக வண்ணப் புள்ளிகளையும் காட்டும். ரயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் கையையோ போனையோ வெளியே நீட்டாதீர்கள், குகையின் சுவர் மிக அருகில் வரும்.

வளைவுகளில் மட்டும் போனின் மின்னணு ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுவேன். பேருந்து திரும்புவதையும் அது கை ஆட்டமென்று நினைத்துக்கொண்டு காட்சியைப் பிடித்து வைக்கும், முடியாதபோது சடாரென்று விடும். படம் தொங்கித் தொங்கி நகரும்.

சக்‌ஷன் மவுண்ட் ஒரேயடியாக வீண் என்று சொல்ல மாட்டேன். கை காலியாக வேண்டும், அரை மணி நேரம் டைம்லாப்ஸ் ஓட வேண்டும் என்றால் அதுதான். ஆனால் குன்னூர்ப் பனியில் கண்ணாடி வியர்த்திருந்தபோது துடைக்காமல் ஒட்டிவிட்டேன். வெலிங்டன் வருவதற்குள் கப் வழுக்கி, எதிர் சீட்டு அக்காவின் மடியில் போன் விழுந்தது. “தம்பி, கயிறு கட்டக் கூடாதா?” என்றார். அன்றிலிருந்து கட்டுகிறேன். இதெல்லாம் போனை வைத்துச் சொல்வது. கனமான மிரர்லெஸ் கேமராவை நான் சக்‌ஷனில் தொங்கவிட்டதில்லை.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி என்ஜின் பின்னாலிருந்து தள்ளும்போது வரும் உதறல் தனி ரகம், மெதுவாக, ஒரு தாளத்தோடு வரும். அதற்குப் பை போதவில்லை. போனை நெஞ்சோடு அணைத்து, பையை மடியில் வைத்து, உடம்பையே ஸ்பிரிங்காக்கி எடுத்ததுதான் எனக்குச் சரியாக வந்தது.